நேம் பிளேட்டில் துரு, Dyn1-ஆ Dyn11-ஆ: இரண்டு டிரான்ஸ்பார்மரை இணைக்கும் முன்

"மண்டபத்தில் ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கிறோம். 250 கே.வி.ஏ., 11,000/433 வோல்ட் டிரான்ஸ்பார்மர் ஒன்று ஓடுகிறது, அதன் இணைப்பு வகை Dyn11. மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் லோடு தாங்காது என்று அதே அளவில் இன்னொன்றைப் பழையதாக வாங்கினோம். உப்புக்காற்றில் அதன் நேம் பிளேட் அரித்து, Dyn1 வரைக்கும்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு துரு. இரண்டிலும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 250 வோல்ட் சரியாக இருக்கிறது, பேரலல் போடலாம் என்கிறார் எலக்ட்ரீசியன். போடலாமா?"

இப்போதைக்குப் போடாதீர்கள். அந்தத் துருவுக்கு அடியில் இன்னொரு 1 இருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் முடிவு.

உங்கள் எலக்ட்ரீசியன் பார்த்த அளவு பொய் இல்லை. ஆனால் அது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. Dyn1, Dyn11 இரண்டிலும் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 250, பேஸுக்கும் பேஸுக்கும் 433, மோட்டார் சுற்றும் திசையும் ஒன்றே. தனித்தனியாக அளந்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது. ஒன்றின் ஆர் பேஸுக்கும் மற்றதன் ஆர் பேஸுக்கும் நடுவே அளந்தால்தான் தெரியும்.

காரணம் டெல்டாவில், அதாவது மூன்று சுருளை முக்கோணமாக இணைப்பதில், இருக்கிறது. 11,000 வோல்ட் வரும் ஹெச்.டி. பக்கத்தில் ஒவ்வொரு சுருளும் இரண்டு லைனுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. இரும்பு உள்ளகத்தின் அதே காலில் சுற்றிய 433 வோல்ட் எல்.டி. சுருளோ ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருக்கிறது. ஆக, எல்.டி.யின் பேஸ் வோல்டேஜ், ஹெச்.டி.யின் லைன் வோல்டேஜோடு ஒரே தாளத்தில் போகும். லைன் வோல்டேஜுக்கும் பேஸ் வோல்டேஜுக்கும் எப்போதும் 30 டிகிரி இடைவெளி உண்டு. டெல்டாவை மூடும்போது ஆர் காலின் சுருள் ஆருக்கும் ஒய்க்கும் நடுவே வந்தால் எல்.டி. 30 டிகிரி முந்தும், ஆருக்கும் பிக்கும் நடுவே வந்தால் 30 டிகிரி பிந்தும். ஹெச்.டி.யைக் கடிகாரத்தில் 12 மணியாக வைத்தால் முந்துவது 11 மணி, பிந்துவது 1 மணி. பெயரின் கடைசியில் வரும் எண் அதுதான்.

11 மணிக்கும் 1 மணிக்கும் இடையே 60 டிகிரி. 250 வோல்ட் கொண்ட இரண்டு பேஸ் 60 டிகிரி விலகி நின்றால் அவற்றுக்கு நடுவேயும் 250 வோல்ட் இருக்கும். பிரேக்கரை மூடினால் அந்த 250 வோல்ட்டைத் தடுக்க இரண்டு டிரான்ஸ்பார்மரின் உள் இம்பீடன்ஸ் மட்டும்தான் மிச்சம். 4.5 சதவீத இம்பீடன்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு சுமார் 0.034 ஓம், இரண்டும் சேர்ந்து 0.0675 ஓம்.

```
250 / 0.0675 ≈ 3700 ஆம்பியர்
```

முழு லோடு கரண்டே 333 ஆம்பியர்தான். ஒரு பல்புகூட எரியாத நிலையில் அதைப்போல 11 மடங்கு, ஒன்றிலிருந்து மற்றதற்குள் ஓடும். பிரேக்கர் உடனே விழுந்தால் தப்பித்தோம், விழாவிட்டால் சுருள் போய்விடும்.

சரி, துருவை எப்படித் தாண்டுவது? வாங்கிய இடத்தில் கேட்டு நம்ப வேண்டாம். பழைய டிரான்ஸ்பார்மரை ரீவைண்டிங் செய்யும்போது டெல்டாவை மாற்றி மூடியிருந்தாலும் நேம் பிளேட் பழையபடியே இருக்கும். அளந்து பார்ப்பதுதான் வழி, அதுவும் லைசென்ஸ் உள்ளவரை வைத்து.

டிரான்ஸ்பார்மரை எல்லாப் பக்கமும் கழற்றிவிட்டு, எல்.டி. நியூட்ரலின் எர்த் கம்பியையும் எடுத்துவிட வேண்டும். இதை மறந்தால் சோதனை சப்ளையின் ஆர் பேஸ் எல்.டி. சுருள் வழியே எர்த்துக்கு ஷார்ட் ஆகும். ஹெச்.டி. ஆர் புஷிங்கையும் எல்.டி. ஆர் புஷிங்கையும் ஒரு கம்பியால் இணையுங்கள். பிறகு சாதாரண 415 வோல்ட் மூன்று பேஸ் சப்ளையைச் சிறிய எம்.சி.பி. வழியாக ஹெச்.டி. பக்கம் கொடுங்கள். ஹெச்.டி. பக்கம் மட்டும்தான். அதே 415-ஐத் தவறி எல்.டி.யில் கொடுத்தால் மேலே 10,000 வோல்ட்டுக்கு மேல் கிளம்பி நிற்கும்.

சப்ளையின் பேஸ் வரிசையை மீட்டரில் உறுதி செய்துகொள்ளுங்கள். வரிசை தலைகீழாக இருந்தால் விடையும் தலைகீழாக வரும். இப்போது எல்.டி. பக்கம் லைனுக்கு லைன் 16 வோல்ட்தான் இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டே அளவு: ஹெச்.டி. பிக்கும் எல்.டி. ஒய்க்கும் நடுவே ஒன்று, ஹெச்.டி. ஒய்க்கும் எல்.டி. பிக்கும் நடுவே ஒன்று. முதலாவது 415, இரண்டாவது 401 என்றால் Dyn11. முதலாவது 401, இரண்டாவது 415 என்றால் Dyn1. வித்தியாசம் 14 வோல்ட்தான். நம் கடற்கரை லைன்களில் மூன்று பேஸும் சமமாக இருப்பது அபூர்வம் என்பதால், ஹெச்.டி.யில் ஆர்-ஒய், ஆர்-பி அளவுகளையும் அதே நேரத்தில் எழுதிக்கொண்டு, ஹெச்.டி. ஒய்யில் எடுத்த அளவை ஆர்-ஒய்யோடும், ஹெச்.டி. பியில் எடுத்த அளவை ஆர்-பியோடும் ஒப்பிடுங்கள். எதில் 14 குறைகிறது என்பதுதான் விடை.

Dyn11 என்று வந்தால், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பின் நிலையும் இம்பீடன்ஸும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். டேப் ஒரு படி, அதாவது இரண்டரை சதவீதம், வேறுபட்டாலே சும்மா 90 ஆம்பியர் சுற்றிக்கொண்டிருக்கும்.

Dyn1 என்று வந்தால் பலரும் முதலில் எல்.டி. கேபிளை இடம் மாற்றிப் பார்ப்பார்கள். வேலைக்கு ஆகாது. பேஸ்களுக்குள் இடைவெளி 120 டிகிரி, உங்களுக்கு வேண்டியதோ 60. எப்படிச் சுழற்றினாலும் ஒரு பேஸுக்கு எதிரே 250, 250, 500 என்றுதான் வரும், பூஜ்யம் வராது. ஹெச்.டி.யில் ஒய்யையும் பியையும் மாற்றி, எல்.டி.யிலும் அதே ஒய்யையும் பியையும் மாற்ற வேண்டும். ஹெச்.டி.யில் மாற்றும்போது, ஆருக்கும் பிக்கும் நடுவே இருந்த சுருளுக்கு இப்போது ஆரும் ஒய்யும் கிடைக்கின்றன. பிந்தியது முந்த ஆரம்பிக்கிறது. எல்.டி.யில் மாற்றுவது வரிசையைப் பழையபடி ஆக்குகிறது. டேங்கைத் திறக்காமலே Dyn1, Dyn11 போல நடந்துகொள்ளும்.

எதுவாக இருந்தாலும் மூடும் முன் கடைசி அளவு ஒன்று உண்டு. இரண்டு நியூட்ரலும் சேர்ந்திருக்க, இரண்டுக்கும் சப்ளை கொடுத்து, இரண்டாவதின் பிரேக்கர் திறந்தே இருக்க, அதன் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நடுவே ஒவ்வொரு பேஸாக அளக்க வேண்டும். 1000 வோல்ட் தாங்கும் மீட்டர் வேண்டும், தப்பான இணைப்பில் 500 வரலாம். மூன்றிலும் பூஜ்யத்தை ஒட்டி ஒன்றிரண்டு வோல்ட் இருக்க வேண்டும். அந்தப் பூஜ்யத்தையும் சும்மா நம்பாதீர்கள்: மேல் ஆருக்கும் கீழ் ஒய்க்கும் நடுவே வைத்து 433 காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் மீட்டர் கம்பியோ நியூட்ரல் இணைப்போ விட்டிருக்கிறது.

இதற்கெல்லாம் பிளாண்ட் முழுதாக நிற்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாத நாட்களிலேயே முடித்துவிடுங்கள். மின் ஆய்வாளர் அனுமதிக்கும் அப்போதே எழுதிக் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், பேரலல் இல்லாமலே சமாளிக்க முடியுமா என்று முதலில் பார்ப்பேன். கம்ப்ரஸர் மோட்டார்களை ஒன்றிலும், பம்ப், கிரஷர், லைட்டை மற்றதிலும் பிரித்து, இரண்டு எல்.டி. பஸ்பாரையும் சேரவே விடாமல் வைத்தால் 1-ஆ 11-ஆ என்ற கவலை கிடையாது, மோட்டார் திசையை மட்டும் பார்த்தால் போதும். பெரிய கம்ப்ரஸர்களே லோடில் முக்கால்வாசி என்றால்தான் பேரலல் தேவைப்படும்.

ஒய்-பி மாற்றிப் போட்டால், இரண்டு பக்கமும் மாற்றியிருக்கிறது என்று டேங்கில் பெயிண்டால் பெரிதாக எழுதிவையுங்கள். அடுத்த முறை வருகிறவர் கேபிளின் நிறம் தப்பாக இருக்கிறதே என்று ஒரு பக்கத்தை மட்டும் "சரிசெய்து" விட்டுப் போவார்.