முறுக்குப் பொட்டலத்தில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது?

“மணப்பாறை அருகே முறுக்குத் தொழில் செய்கிறோம். அமெரிக்காவில் ஒரு கடைக்காரர் மாதிரிப் பொட்டலங்கள் கேட்டிருக்கிறார். அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முறுக்கையே பார்த்திராதவர்கள். முகப்பில் ‘குளூட்டன் இல்லாதது’, ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’, ‘இந்திய பிரெட்சல்’ என்று போடலாம் என்கிறார் எங்கள் அச்சகத்துக்காரர். முறுக்கு வெளியே தெரியும்படி ஜன்னல் வைத்த கவரும் காட்டினார். பச்சரிசி மாவு, உளுந்து, எள், ஓமம், பெருங்காயம், உப்பு, பாமாயில் தவிர நாங்கள் வேறெதுவும் சேர்ப்பதில்லை. அவர் சொல்வதுபோல் செய்யலாமா?”

முதலில் உங்கள் பெருங்காய டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் படித்துப் பாருங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அதில் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ கலந்திருப்பது வழக்கம். அரிசி முறுக்குக்குள் கோதுமையும் அதிலுள்ள குளூட்டன் என்ற புரதமும் நுழையும் வாசல் அதுதான்.

சிட்டிகை அளவுதானே என்று தோன்றும். ஒரு கணக்குப் போடுவோம். 10 கிலோ மாவுக்கு 50 கிராம் பெருங்காயம் போடுகிறீர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு மைதா என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மைதா 16 கிராமுக்கு மேல். மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் 1.6 கிராமுக்கு மேல். எண்ணெய் பிடித்த பிறகு முறுக்கின் எடை 13 கிலோ என்றால், கிலோவுக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுத அமெரிக்க விதி கேட்பது கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கும் கீழே. ஆறு மடங்கு தாண்டிவிட்டீர்கள். அந்த வரியை நம்பி வாங்குகிறவர்களில் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் இருப்பார்கள். அவர்களுக்கு இது உடல்நலப் பிரச்சினை.

அரிசி மாவில் கலந்த பெருங்காயத்துக்கு மாறினாலும் வேலை பாதிதான் முடிகிறது. உங்கள் மாவு எங்கே அரைபடுகிறது? ஊர் மில்லில் உங்களுக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மிச்சம் உங்கள் மாவில்தான் வந்து சேரும். அரிசிக்கென்று தனி இயந்திரம் வைத்து, ஒவ்வொரு தொகுதியையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் குளூட்டன் பரிசோதனை செய்ய முடியும் என்றால் மட்டும் அந்த வரியைப் போடுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், அது கட்டாயமில்லை. ஆனால் பெருங்காயத்தில் கோதுமை இருந்தால் அதை ஒவ்வாமைப் பொருளாக அறிவிப்பது கட்டாயம். எள்ளும் அப்படியே: 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்கச் சட்டம் அதை ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருளாக்கிவிட்டது. எள் நம் கண்ணுக்குத் தெரிகிறதே, தனியாக எழுத வேண்டுமா என்று கேட்காதீர்கள். முறுக்கைப் பார்த்திராதவருக்கு அந்தப் புள்ளி எள்ளா ஓமமா என்று தெரியாது.

கொலஸ்ட்ரால் வரி உண்மைதான். தாவர எண்ணெயில் அது இராது. ஆனாலும் போட முடியாது. நிறைவுற்ற கொழுப்பு ஒரு பரிமாறலுக்கு 2 கிராமுக்கு மேல் போனால் அங்கே அந்தச் சொல்லுக்கு அனுமதியில்லை. இவ்வகை நொறுக்குத்தீனிக்குப் பரிமாறல் கணக்கு 30 கிராம். அதில் 9 கிராம் எண்ணெய் என்றால், பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் 4.5 கிராம் ஆகிவிடுகிறது.

‘பிரெட்சல்’ எனக்குப் பிடிக்கவில்லை. அது கோதுமையில் சுடப்படுவது. முறுக்கு அரிசியில் பொரிக்கப்படுவது. அந்தச் சொல்லைப் பார்த்து வாங்கியவர் ஏமாறுவார், கோதுமையைத் தவிர்ப்பவர் எடுத்தே பார்க்க மாட்டார். முறுக்கு என்ற பெயரைப் பெரிதாகப் போட்டு, அதன் கீழே ‘அரிசி, உளுந்து மாவில் பிழிந்து பொரித்த மொறுமொறு வளையம், எள்ளும் ஓமமும் சேர்ந்தது’ என்று எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஓமத்தின் சுவை எப்படி என்றும் ஒரு சொல் வேண்டும்; தைம் இலையை நினைவூட்டும் என்றால் அவர்களுக்குப் பிடிபடும். ‘உடைத்துச் சாப்பிடவும்’ என்பதையும் மறக்க வேண்டாம். உருளைக்கிழங்கு சிப்ஸ் பழகிய பல் முழு முறுக்கை ஒரே கடியாகக் கடிக்கப் போகும்.

ஜன்னல் வேண்டாம். வெளிச்சமும் காற்றும் பட்டால் பொரித்த எண்ணெய் சிக்கெடுக்கும், கப்பல் பயணமோ வாரக்கணக்கு. உள்பக்கம் உலோகப் பூச்சுள்ள பல்லடுக்குக் கவரில் நைட்ரஜன் நிரப்பி ஒட்டுங்கள். முறுக்கு எப்படியிருக்கும் என்பதை முகப்பில் உண்மை அளவிலான படம் காட்டட்டும். நைட்ரஜன் கவரை உப்ப வைப்பதால் உடைவதும் குறையும், ஆனால் முறுக்குக்கு அது மட்டும் போதாது. உள்ளே குழித்தட்டு ஒன்று வேண்டும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், வெற்றுக் கவரில் பத்துப் பொட்டலம் கட்டி, அட்டைப் பெட்டியில் வைத்துப் பார்சல் லாரியில் சென்னைக்கு அனுப்பித் திரும்ப வரவழையுங்கள். பிரித்தால் எத்தனை முறுக்கு முழுதாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தட்டின் அளவைப் பிறகு பேசுவோம்.