போட்டோவில் இருக்கும் ஸ்டொக் தாளை சொப்ட்வெயாரில் ஏற்றுவது

கேள்வி: புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் மொத்தக் கடை. ஸ்டோரில் எண்ணி எழுதும் தாள்களைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். அதைப் பார்த்து எக்செலில் அடித்து ஏற்றினால், பாதிக் கோட்கள் இல்லை என்று சொப்ட்வெயார் சொல்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் முன்னால் இருக்கும் பூச்சியங்கள்தான் காரணம். தாளில் 00417 என்று இருப்பதை அடித்தவுடன் எக்செல் அதை எண்ணாக எடுத்து 417 ஆக்கிவிடும். 3-12 என்ற ராக்கை இலக்கமும் இப்படித்தான் திகதியாக மாறும். ஆகவே அடிக்கத் தொடங்குமுன் கோட், இடம் இரண்டு நிரல்களையும் Text ஆக மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன பூச்சியம் திரும்பி வராது.

கோட் சரியா என்று பார்க்க COUNTIF வேண்டாம். அது 417ஐயும் 00417ஐயும் ஒன்றாகவே எடுக்கும். பொருட்பட்டியலை, அதன் கோட் நிரலும் Text ஆக இருக்கும்படி, அதே எக்செல் கோப்பில் Master என்ற தாளில் வைத்து இதைப் போடுங்கள்:

```
=ISNUMBER(MATCH(A2,Master!A:A,0))
```

FALSE வரும் வரிகளை மட்டும் போட்டோவோடு ஒப்பிட்டால் போதும். அதற்காகவே பக்க எண், வரி எண் என்று இரண்டு நிரல்களை ஓரத்தில் வைத்திருங்கள். ஏற்றும்போது அவற்றை நீக்கிவிடலாம்.

அடுத்தது, தாளில் எழுதும் பழக்கங்கள். B-04 என்று ஒருமுறை எழுதிவிட்டு, கீழே எல்லாம் " என்று அடையாளம் போடுவார்கள். சொப்ட்வெயாருக்கு அது புரியாது, ஒவ்வொரு வரியிலும் இடம் முழுதாக வேண்டும். பக்கத்தின் முதல் வரியிலேயே அந்த அடையாளம் இருந்தால் அது முந்திய பக்கத்தின் கடைசி வரியைக் குறிக்கும். போட்டோக்கள் வரிசை மாறி வந்தால் ஒரு ராக்கையின் சரக்கு முழுவதும் வேறு ராக்கையில் போய் நிற்கும். தாளில் பக்க எண் எழுதச் சொல்லுங்கள்.

"3 பெட்டி + 7" என்றிருந்தால் பெட்டியில் எத்தனை என்று பொருட்பட்டியலில் பாருங்கள். 24 என்றால் 3×24+7, அதாவது 79. வெற்றிடத்தை 0 ஆக அடிக்காதீர்கள். 0 என்றால் எண்ணிப் பார்த்து ஒன்றும் இல்லை, வெற்றிடம் என்றால் எண்ணவே இல்லை. அந்த வரியை ஏற்றாமல் எண்ணியவரிடம் கேளுங்கள்.

பிறகு அடித்தவர் அல்லாத ஒருவர், பக்கத்துக்குப் பக்கம் வரிகளை எண்ணி, அளவுகளைப் போட்டோவிலிருந்து கல்குலேட்டரில் கூட்டி எக்செலோடு ஒப்பிடட்டும், பெட்டிக் கணக்கு வரிகளைத் தனி எண்ணிக்கையாக மாற்றி. வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 63ஐ 36 என்று அடித்தால் 27 குறையும்.

கடைசியாக CSV ஆகச் சேமித்த கோப்பை எக்செலில் மீண்டும் திறக்காதீர்கள். திறந்தால் பூச்சியம் திரையில் மறைந்துவிடும், சேமித்தால் கோப்பிலும் போய்விடும். Notepadஇல் திறந்து பாருங்கள். இப்படி நிற்க வேண்டும்:

```
ItemCode,Qty,Location
00417,79,B-04
```