கிளினிக் மருந்துகள்: பேட்சுக்கு ஒரு வரி, திருப்புவதற்கு ஒரு தேதி

கேள்வி: சிறிய கிளினிக் ஒன்றில் மருந்து கொடுக்கும் பகுதியைக் கவனித்து வருகிறேன். சுமார் 120 வகை மருந்துகள் இருக்கின்றன. காலாவதியான பிறகுதான் பல மருந்துகள் கண்ணில் படுகின்றன. ஏஜென்சியில் கேட்டால் நாள் கடந்துவிட்டது என்கிறார்கள். எக்செல்லில் எப்படிப் பதிவு வைப்பது?

பதில்: மருந்துக்கு ஒரு வரி என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள், ஒவ்வொரு பேட்சுக்கும் தனி வரி வேண்டும். ஒரே மருந்து மூன்று பில்களில் மூன்று பேட்சுகளாக வந்திருந்தால் மூன்று வரிகள். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதி மாதம், ஏஜென்சி, பில் எண், பில் தேதி, கையிருப்பு ஆகியவை போதும். சரக்கு வந்து இறங்கியதும், அலமாரியில் வைப்பதற்கு முன்பே, பில்லில் உள்ள பேட்ச் எண்ணையும் அட்டையில் அச்சாகியிருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அன்றே பில்லைத் திருத்தி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு திருப்பும்போது, இது எங்கள் சரக்கே அல்ல என்ற பதில்தான் வரும்.

எக்செல்லில் இரண்டு இடங்களில் ஏமாறலாம். 12E4 போன்ற பேட்ச் எண்ணை அது கணித எண்ணாக மாற்றிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களையும் விழுங்கிவிடும். ஆகவே அந்தப் பத்தியை முன்கூட்டியே Text என்று அமைத்துவிடுங்கள். அடுத்தது தேதி. மாதமும் ஆண்டும் மட்டும் அச்சாகியிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்து செல்லும் என்பதே நம் நாட்டு மருந்து விதிகளின்படியான பொருள். எக்செல்லோ 01/2027 என்பதை ஜனவரி முதல் தேதியாக எடுத்துக்கொள்ளும். காலாவதி மாதம் C பத்தியில் இருந்தால், பக்கத்துப் பத்தியை Date என்று அமைத்து, அதில் இதை இடுங்கள்:

```
=EOMONTH(C2,0)
```

இனி, நீங்கள் கவனிக்க வேண்டிய தேதி காலாவதித் தேதி அல்ல. அதற்கு முன்னால் வரும் வேறு இரண்டு தேதிகள். ஏஜென்சி எந்த நாள்வரை திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது ஒன்று. இது ஏஜென்சிக்கு ஏஜென்சி, சில சமயம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், வாங்கும்போதே கேட்டுப் பில்லின் மேலேயே எழுதி வையுங்கள். நோயாளிக்குக் கொடுக்கக்கூடிய கடைசி நாள் மற்றொன்று. முப்பது நாளைக்கு மாத்திரை தருகிறீர்கள் என்றால், காலாவதிக்கு ஒரு மாதம் முன்பே அந்தப் பேட்ச் உங்களுக்கு முடிந்துவிட்டது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அக்டோபர் முதல் தேதியன்று பான்டோபிரசோல் 40 மி.கி. பழைய பேட்சில் 8 அட்டைகள் இருக்கின்றன; அதன் காலாவதி 06/2027. அன்றைக்குப் புதிதாக வந்த 20 அட்டைகளின் காலாவதியோ 01/2027. மாதம் 4 அட்டைகள் செலவாகின்றன. ஏஜென்சி, காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே, அதாவது அக்டோபர் 31-க்குள், திருப்பித் தரச் சொல்கிறது. முதலில் வந்தது முதலில் போகட்டும் என்று பழையதை எடுத்தால் நவம்பர் கடைசி வரை புதியதைத் தொடவே மாட்டீர்கள். எனவே புதியதையே முன்வரிசையில் வைக்க வேண்டும். முப்பது நாள் மாத்திரை தருவதால் டிசம்பர் கடைசி வரைதான் அதைக் கொடுக்க முடியும். மூன்று மாதத்துக்கு 12 அட்டைகள் போகும். மீதி 8 அட்டைகளை அக்டோபருக்குள் அனுப்பிவிடுங்கள். உண்மையில், நான்கே மாதம் மீதமுள்ள சரக்கை வாசலிலேயே மறுத்திருப்பதுதான் சரி. தள்ளுபடிச் சரக்கில் இப்படிப் பெரும்பாலும் வந்து சேரும்.

வெட்டிய அட்டையைப் பல ஏஜென்சிகள் வாங்குவதில்லை. அதனால் ஒரு பேட்சில் ஓர் அட்டைக்கு மேல் வெட்டி வைக்காதீர்கள். வெட்டும்போதும் பேட்ச் எண்ணும் காலாவதியும் அச்சான முனையைக் கடைசிவரை விட்டுவைத்து எதிர்முனையிலிருந்து வெட்டுங்கள். அந்த முனை போய்விட்டால், மீதி மாத்திரைகள் எந்தப் பேட்ச் என்று யாராலும் சொல்ல முடியாது. மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தரமற்ற மருந்துகளின் பட்டியலைப் பேட்ச் எண்ணோடு வெளியிடும்போது, அதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் உங்களுக்கு வழியிருக்காது.

திருப்ப வேண்டியவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, மேலே ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி, அலமாரிக்கு அப்பால் வையுங்கள். பேட்ச், எண்ணிக்கை, பழைய பில் எண் ஆகியவற்றோடு இரண்டு பிரதி எழுதி, சரக்கை எடுத்துச் செல்பவரிடம் ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கிரெடிட் நோட் வந்து, அடுத்த பில்லில் தொகை கழியும் வரை அந்த வரியை நீக்க வேண்டாம். சரக்கைக் கொடுத்தும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கழியும் தொகை நீங்கள் வாங்கிய விலைக்கு உட்பட்டதாகவே இருக்கும். அட்டையில் உள்ள அதிகபட்ச விலையை எதிர்பார்க்க வேண்டாம்.

யாரும் எடுத்துக்கொள்ளாமல் காலாவதியானவை குப்பைத் தொட்டிக்கோ கழிவறைக்கோ போகக் கூடாது. 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி அவை மஞ்சள் பையைச் சேர்ந்தவை. உங்கள் கிளினிக் கழிவை எடுத்துச் செல்லும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தாரிடமே கொடுத்து, அந்தத் தேதியைப் பேட்ச் வரியில் குறித்துவிடுங்கள்.