வெளிநாட்டு மெனு கார்டு: ப்ராத், கார்னிஷ், ஸ்டார்ட்டர் பத்தி உங்க கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல நிறைய மெனு கார்டு பத்திதான், அதுலயும் சைவம் சாப்பிடுறவங்க ப்ராத்ல மாட்டிக்கிட்ட கதைதான் அதிகம். அதனால அதையே முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி: இத்தாலியில மஷ்ரூம் ரிசோட்டோ ஆர்டர் பண்றப்போ "இதுல கறி இருக்கா"ன்னு தெளிவா கேட்டேன், இல்லவே இல்லைன்னாங்க. பாதி சாப்பிட்டப்புறம் பக்கத்து டேபிள்காரர் சொல்லித்தான் சிக்கன் ப்ராத்ல செஞ்சதுன்னு தெரிஞ்சுது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: ஏமாத்தலங்க. அவங்க கணக்குல கறின்னா தட்டுல துண்டா கிடக்கணும். ப்ராத்ங்கறது கறியோ எலும்போ காய்கறியோட போட்டு ரொம்ப நேரம் சின்ன தீயில கொதிக்க வெச்சு வடிகட்டின தண்ணி, வடிகட்டினப்புறம் கறின்னு சொல்ல எதுவும் அதுல இருக்காது. அதனால சர்வர் மனசார இல்லைன்னு சொல்வார்.

ரிசோட்டோவை எப்படி செய்றாங்கன்னு பாத்தா விஷயம் புரியும். அரிசியை வெண்ணெயிலயோ ஆலிவ் ஆயில்லயோ வறுத்துட்டு, சூடான ப்ராத்தை ஒவ்வொரு கரண்டியா ஊத்தி, அது இழுத்துக்கினதும் அடுத்த கரண்டின்னு ஒரு 18, 20 நிமிஷம் கிளறிக்கிட்டே இருப்பாங்க. அரிசி அளவை விட பல மடங்கு ப்ராத் உள்ள போயிடுது, அப்புறம் அதை பிரிக்கவே முடியாது. மெனுல போட்டிருக்கற மஷ்ரூம் கடைசி ருசிக்குத்தான், நீங்க சாப்பிடற ஒவ்வொரு பருக்கையும் வெந்தது அந்த ப்ராத்லதான்.

அதனால கேக்க வேண்டியது "கறி இருக்கா" இல்ல, "எந்த ப்ராத்ல செய்றீங்க"ன்னு கேக்கணும். இத்தாலியில ப்ராத்துக்கு ப்ரோடோ, காய்கறி ப்ராத்துன்னா ப்ரோடோ வெஜெட்டாலே, சிக்கன்னா ப்ரோடோ தி போல்லோ. கறி ப்ராத்துன்னு பதில் வந்தா அடுத்ததா, ஆர்டர் குடுத்தப்புறம்தான் செய்றீங்களா, முன்னாடியே பாதி வேக வெச்சு வெச்சிருக்கீங்களான்னு கேளுங்க. புதுசா செய்றதா இருந்தா காய்கறி ப்ராத்துலயோ வெறும் வெந்நீர்லயோ செஞ்சு தர வாய்ப்பு இருக்கு. பாதி வெந்தது இருந்தா வேற ஏதாவது பாத்துக்கறதுதான் வழி.

சூப்ல இது இன்னும் மோசம், ஏன்னா பெரிய பாத்திரத்துல மொத்தமா முன்னாடியே செஞ்சிருப்பாங்க, உங்களுக்காக மாத்த முடியாது. பேருல காய்கறி மட்டும் இருந்தா நம்பிடாதீங்க. ஃப்ரெஞ்ச் ஆனியன் சூப் வழக்கமா மாட்டு ப்ராத்துல செய்றது. கான்சொமேன்னு இருந்தா கண்ணாடி மாதிரி தெளிவா வரும், பாக்க ஒண்ணுமில்லாத தண்ணியா தெரியும், ஆனா அந்த தெளிவு வர்றதுக்கே ப்ராத்துல முட்டை வெள்ளையும் கொத்துக்கறியும் போட்டு கசடை இழுத்து வடிகட்டுறாங்க. ஜப்பான்ல மிசோ சூப்ல டோஃபுவும் கடல்பாசியும்தான் கண்ணுக்குத் தெரியும், அடியில இருக்கற தண்ணி தாஷி, அது பெரும்பாலும் காய வெச்ச மீன் சீவல்ல எடுத்தது. கொம்புங்கற கடல்பாசியில மட்டும் எடுத்த தாஷியும் உண்டு, அதான்னு உறுதியா சொன்னா மட்டும் குடிங்க.

எலும்பு சேந்த ப்ராத்தை ஓரளவு கண்டுபிடிக்கலாம், ஆற ஆற உதடு லேசா ஒட்டும், அது எலும்புலேந்து இறங்கின ஜெலட்டின். ஆனா ஒட்டலைங்கறதுக்காக சைவம்னு முடிவு பண்ணாதீங்க, கறியை மட்டும் போட்டு செஞ்சதுல அவ்வளவா ஒட்டாது.

கேள்வி: சாப்பாட்டு மேல அலங்காரமா வைக்கற கார்னிஷை எடுத்து ஓரமா வெச்சிட்டா போதும்தானே?

பதில்: அலர்ஜின்னா போதவே போதாது, நட்ஸ் தூவி வந்த தட்டுல நட்ஸை மட்டும் பொறுக்கிப் போட்டுட்டு சாப்பிடாதீங்க, புதுசா வேற தட்டு கேளுங்க. சைவம்னா உங்க மனசைப் பொறுத்தது, ஆனா ஆர்டர் குடுக்கும்போதே சொல்லிடறது சுலபம், ஏன்னா கார்னிஷ் கடைசி நிமிஷத்துல மேல வைக்கறது, வேணாம்னா வைக்காம குடுத்துடுவாங்க. ப்ராத்துக்கும் இதுக்கும் அதுதான் வித்தியாசம்.

மெனுல கவனிக்க வேண்டிய ரெண்டு பேரு சொல்றேன். லார்டோன்னா பன்றிக்கறியை சின்ன சின்னதா நறுக்கி வறுத்தது, ஃப்ரான்ஸ்ல சாலட் மேல வரும். ஆஞ்சோவின்னா உப்புல ஊறின குட்டி மீன், சீசர் சாலட்ல இது மேல இல்லாட்டியும் ட்ரெஸ்ஸிங்லயே கரைஞ்சிருக்கும், அதை எடுக்க முடியாது.

இன்னொண்ணு, ஃப்ரெஞ்ச் மெனுல கார்னித்யூர்னு பாத்துட்டு அலங்காரம்னு நினைச்சுக்காதீங்க. அங்க அது மெயின் கூட வர்ற உருளைக்கிழங்கு, பீன்ஸ் மாதிரி சைட் டிஷ், எது வேணும்னு உங்களைத்தான் கேப்பாங்க. மீன் கூட எலுமிச்சையை மெல்லிசு துணியில கட்டி வெச்சிருந்தா அவிழ்க்காதீங்க, அப்படியே பிழியணும், விதை விழாம இருக்கத்தான் அந்தத் துணி.

கேள்வி: ஆந்த்ரேன்னா ஸ்டார்ட்டரா மெயினா? அமெரிக்காவுல ஒரு மாதிரி, பாரிஸ்ல ஒரு மாதிரி வருது.

பதில்: ரெண்டுமே சரிதான். அமெரிக்காவுல ஆந்த்ரேன்னா மெயின், முன்னாடி வர்றதுக்கு அப்பெட்டைஸர்னு பேரு. ஃப்ரான்ஸ்லயும் ஆஸ்திரேலியாவுலயும் ஆந்த்ரேதான் ஸ்டார்ட்டர். பாரிஸ்ல ஆந்த்ரே மட்டும் சொல்லிட்டு உக்காந்தா சின்ன தட்டுதான் வரும், வயிறு நிறைய வேணும்னா ப்ளாங்கற தலைப்புக்கு கீழ பாருங்க. அங்க மெனுன்னாலே செட் மீல்ஸ்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும், தனித்தனியா ஆர்டர் பண்ற அட்டைக்கு கார்த்துன்னு பேரு.

இத்தாலியில ஆன்டிபாஸ்டோ ஸ்டார்ட்டர், ப்ரீமோல பாஸ்தா, ரிசோட்டோ, சூப், செகோண்டோல கறி, மீன். எல்லாத்துலயும் ஒண்ணு வாங்கியே ஆகணும்னு இல்ல, ஒரு ப்ரீமோ மட்டும் சாப்பிட்டாலும் யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. செகோண்டோ கூட காய்கறி தானா வராது, கொன்டோர்னோன்னு தனியா வாங்கணும், அதுக்கு தனி காசு.

கேள்வி: அல் டென்டேன்னு பாஸ்தா வந்துச்சு, கடிக்க கெட்டியா இருந்துச்சு. வேகலைன்னு திருப்பி அனுப்பலாமா?

பதில்: முதல்ல ஒரு துண்டை கடிச்சு வெட்டின இடத்தைப் பாருங்க. நடுவுல ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிஞ்சு, கடிக்க சவ்வு மாதிரி எதிர்த்து வந்தா அது அவங்க வேணும்னே நிறுத்தின பதம். தட்டுல இருக்கற சூட்டுலயும் சாஸ்லயும் இன்னும் கொஞ்சம் வெந்துடும்னுதான் முன்னாடியே எடுத்துடறாங்க. வெள்ளை பெருசா இருந்து, மாவு பல்லுல ஒட்டி, கடிச்சா நறுக்குன்னு உடைஞ்சா அது நிஜமாவே வேகாதது, தாராளமா திருப்பி அனுப்பலாம்.

அந்த கெட்டித்தனமே பிடிக்கலைன்னா ஆர்டர் பண்றப்பவே பென் கோத்தான்னு சொல்லிடுங்க, நல்லா வேக வெச்சுடுவாங்க. இல்லாட்டி பாஸ்தா ஃப்ரெஸ்கான்னு தேடி வாங்குங்க, அது அன்னன்னைக்கு பிசைஞ்சு செய்றது, ரெண்டு மூணு நிமிஷத்துல வெந்துடும், இயல்பாவே மென்மையா இருக்கும். முட்டை சேக்காதவங்களுக்கு இது ஆகாது, டாலியாட்டெல்லே, ராவியோலி மாதிரி ஃப்ரெஷ் பாஸ்தாவுல பொதுவா முட்டை இருக்கும். காய்ஞ்ச ஸ்பாகெட்டியில வழக்கமா ரவையும் தண்ணியும்தான்.

கேள்வி: டார்டார்னா பச்சைக் கறின்னு சொல்றாங்களே, ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கூட வந்த டார்டார் சாஸையும் தொடாம வெச்சிட்டேன்.

பதில்: அதுல பச்சைக் கறி கிடையாது, மயோனைஸ்ல ஊறுகாய் வெள்ளரியும் கேப்பருங்கற ஊற வெச்ச பூமொட்டும் நறுக்கிப் போட்டது, முட்டை சாப்பிடுவீங்கன்னா தொட்டுக்கலாம். ஸ்டேக் டார்டார், சால்மன் டார்டார்னு கறியோ மீனோ பேரு சேந்து வந்தா அது பச்சையா கொத்தினது. கார்பாச்சோன்னா பச்சையா மெல்லிசா சீவினது. கர்ப்பமா இருக்கறவங்க இந்த ரெண்டையும் தவிர்க்கணும்.