நம்பர் 1 பெஸ்ட்செல்லர் என்றால் எந்தப் பட்டியலில்? – கேள்வி பதில்

“அமேசான் நம்பர் 1 பெஸ்ட்செல்லர்” என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். நம்பி வாங்கலாமா சார்?

எந்தப் பிரிவில் நம்பர் 1 என்று முதலில் பாருங்கள். புத்தகத்தின் பக்கத்தில் கீழே போனால் Best Sellers Rank என்று இருக்கும். அதில் மொத்தப் பட்டியலின் இடம் ஒன்று, சின்னச் சின்னப் பிரிவுகளின் இடம் தனியாக ஒன்று. ஆளே இல்லாத பிரிவில் நண்பர்கள் சிலர் ஒரே நாளில் வாங்கினாலும் முதலிடம் வந்துவிடும். பட்டியல் அடிக்கடி மாறும், அட்டையில் அச்சடித்தது மாறாது. நான் மொத்தப் பட்டியலின் எண்ணைத்தான் பார்ப்பேன், அதையும் சில வாரம் விட்டு இன்னொரு முறை.

நியூயார்க் டைம்ஸ் பட்டியலை யாரும் ஏமாற்ற முடியாது அல்லவா?

முயன்றிருக்கிறார்கள். 2017 ஆகஸ்டில் ‘ஹேண்ட்புக் ஃபார் மார்ட்டல்ஸ்’ என்ற நாவல் இளையோர் பட்டியலில் திடீரென முதலிடத்துக்கு வந்தது. அதைப் பற்றி யாரும் பேசியதாகவே தெரியவில்லையே என்று இளையோர் நாவல் எழுதுபவர்கள் ட்விட்டரில் விசாரிக்கத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் சொன்னதுதான் முக்கியம். யாரோ போன் செய்து, “உங்கள் விற்பனைக் கணக்கு டைம்ஸுக்குப் போகிறதா?” என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்றதும் மொத்தமாக ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே டைம்ஸ் பட்டியலைத் திருத்திப் புத்தகத்தை நீக்கியது.

மொத்த ஆர்டர் வந்ததாகக் கடைகள் சொன்னால், டைம்ஸ் அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் † குறி போடும். விற்றது உண்மை, யார் வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி. பிரபலங்களின் தன்வரலாறு, தொழில் வெற்றிப் புத்தகம் என்றால் அந்தக் குறி இருக்கிறதா என்று அவசியம் தேடுங்கள்.

ஐந்து ஸ்டார் எல்லாம் காசு கொடுத்து வாங்கியது. மூன்று ஸ்டார் விமர்சனம் மட்டும்தான் படிப்பேன். சரிதானே?

பாதி சரி. ஐந்து ஸ்டாரிலும் நேர்மையானவை நிறைய உண்டு. ஸ்டாரை விடுங்கள், எழுதியவர் புத்தகத்துக்குள் போயிருக்கிறாரா என்று பாருங்கள். “அருமை, அனைவரும் படிக்க வேண்டும்” என்பதை எந்தப் புத்தகத்துக்கும் எழுதலாம். “இரண்டாம் பாகத்தில் நீதிமன்றக் காட்சிகள் இழுக்கின்றன” என்பவர் படித்திருக்கிறார். உங்களுக்கு நீதிமன்றக் காட்சி பிடிக்கும் என்றால் அந்தக் குறையே உங்களுக்குச் சிபாரிசு! அப்புறம், ஒரு ஸ்டார் பலவும் பார்சல் கசங்கி வந்ததற்காகப் போட்டவை. அவற்றைக் கழித்துவிடுங்கள்.

என் கவிதைத் தொகுப்பு வந்திருக்கிறது. எந்த விருதுக்கு அனுப்பலாம்?

இங்கே பேசுவது வாசகர் பக்கத்தை. ஆனாலும் உங்கள் கேள்வியில் வாசகருக்கு ஒரு சேதி இருக்கிறது: பல விருதுகளுக்குப் புத்தகத்தை அனுப்புவது பதிப்பாளரோ எழுத்தாளரோதான். அனுப்பாத நல்ல புத்தகம் போட்டியிலேயே இருக்காது.

“புக்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது” என்றால்?

நடுவர்கள் முதலில் தேர்ந்தெடுத்த நீண்ட பட்டியலா, அதிலிருந்து வடிகட்டிய குறும்பட்டியலா என்று கேளுங்கள். பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2023இல் சர்வதேச புக்கரின் நீண்ட பட்டியலில் இருந்தது. அதுவே பெரிய விஷயம். நடுவர்கள் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பை என்பதையும் மறக்காதீர்கள். பட்டியல் விவரம் எதுவுமில்லாமல் வெறுமனே “பரிந்துரை” என்று அட்டை சொன்னால், பதிப்பாளர் அனுப்பிவைத்ததையே அப்படிச் சொல்லியிருக்கலாம். விருதின் இணையதளத்தில் அந்த ஆண்டுப் பட்டியலைத் திறந்தால் தெரிந்துவிடும்.

சாகித்ய அகாதெமி பரிசு அந்தப் புத்தகத்துக்கா, எழுத்தாளருக்கா?

விதிப்படி புத்தகத்துக்கு. நடைமுறையில் வாழ்நாள் பங்களிப்பைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்ற பேச்சு ஓயவில்லை, எனக்கும் சில ஆண்டுகளில் அப்படித் தோன்றியதுண்டு. அதனால் பரிசு பெற்ற புத்தகத்திலேயே அவரைத் தொடங்க வேண்டும் என்றில்லை. அவருடைய மற்ற புத்தகங்களிலும் பத்துப் பக்கம் புரட்டிவிட்டு எடுங்கள்.