நஷ்டத்துக்கு விற்ற காருக்கும் வரி வருமா?

கேள்வி: நான் சொந்தமாகத் தொழில் செய்யும் கட்டட வடிவமைப்பாளர். வீட்டு உபயோகத்துக்காக 38,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய ஸ்கூட்டரை 45,000 ரூபாய்க்கு விற்றேன். தொழிலுக்காக 2021 மே மாதம் 8 லட்சத்துக்கு வாங்கிய காரையும் இந்த 2025-26 நிதியாண்டிலேயே 4,75,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். ஸ்கூட்டரில் லாபம், காரில் நஷ்டம். எதற்கு வரி கட்ட வேண்டும்?

பதில்: ஸ்கூட்டருக்கு வரி இல்லை, காருக்கு உண்டு. வாகனம் எந்தக் கணக்கில் ஓடியது என்பதைத்தான் சட்டம் முதலில் பார்க்கிறது. லாபமா நஷ்டமா என்பது அதற்குப் பிறகுதான்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(14) பிரிவு, ஒருவர் தாமோ தம்மைச் சார்ந்த குடும்பத்தினரோ சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருள்களை மூலதனச் சொத்து என்ற வரையறையிலிருந்து விலக்கியிருக்கிறது. நகை, ஓவியம், சிற்பம் போன்ற சில பொருள்களுக்கு மட்டும் இந்த விலக்கு கிடையாது. ஆகவே ஸ்கூட்டரில் கிடைத்த 7,000 ரூபாய் மூலதன ஆதாயம் ஆகாது. அதை வருமான வரிப் படிவத்தில் ஆதாயமாகக் காட்ட வேண்டியதுமில்லை. அதே காரணத்தால், சொந்த வாகனத்தை நஷ்டத்துக்கு விற்றவர் அந்த நஷ்டத்தை வேறு ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

சொந்த உபயோகம் என்று சொன்னால் மட்டும் போதாது, அது உண்மையாக இருக்க வேண்டும். 20,000 ரூபாய்க்கு வாங்கிய மிகப் பழைய கார் ஒன்றை 21 லட்சத்துக்கு விற்றவரின் வழக்கில், சொந்தமாக ஓட்டத்தக்க கார் என்பது மட்டும் போதாது, உண்மையில் அப்படிப் பயன்பட்டதைக் காட்ட வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. பழைய வண்டிகளை வாங்கிச் சீர்செய்து அடுத்தடுத்து விற்பவருக்கும் இந்த விலக்கு பொருந்தாது. அவருக்குக் கிடைப்பது வியாபார வருமானம்.

இனி உங்கள் காருக்கு வருவோம். தொழிலில் பயன்படும் காருக்கு ஆண்டுதோறும் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படுகிறது. 8 லட்சத்தில் தொடங்கிய மதிப்பு, 2025 மார்ச் வரையிலான நான்கு நிதியாண்டுகளின் தேய்மானம் போக 4,17,605 ரூபாயாகக் குறைந்திருக்கும். விற்பனை விலையைச் சட்டம் ஒப்பிடுவது இந்த மீதி மதிப்போடுதான். நீங்கள் அன்று கொடுத்த 8 லட்சத்தோடு அல்ல. 4,75,000க்கு விற்றால், கூடுதலாக வரும் 57,395 ரூபாய் 50ஆம் பிரிவின்படி குறுகிய கால மூலதன ஆதாயமாகி, உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வழக்கமான விகிதத்தில் வரிக்கு உட்படும். காரை எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும் அது நீண்ட கால ஆதாயமாக மாறாது. இதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தேய்மானம் என்ற பெயரில் ஏற்கெனவே வருமானத்திலிருந்து கழித்த தொகையில், தேயாமல் நின்ற பகுதி மட்டுமே திரும்பி வருகிறது. மாறாக, கார் 3,50,000க்குத்தான் போனது என்றால் 67,605 ரூபாய் குறுகிய கால மூலதன நஷ்டமாகும். அதை மற்ற மூலதன ஆதாயங்களில் மட்டுமே ஈடுகட்டலாம். மிஞ்சினால் எட்டு ஆண்டுகள் வரை கொண்டு செல்லலாம்.

ஒரே வகையைச் சேர்ந்த, ஒரே தேய்மான விகிதம் உள்ள தொழில் சொத்துகளைச் சட்டம் ஒரே தொகுப்பாகப் பார்க்கிறது. இந்தக் கணக்கு, 15 சதவீதத் தேய்மானத் தொகுப்பில் உங்களிடம் அந்தக் கார் ஒன்றே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு போட்டது. அலுவலகத்துக்கு வாங்கிய ஏசி போன்றவையும் அதே தொகுப்பில் இருந்தால், விற்ற தொகை மொத்த மீதி மதிப்பிலிருந்து கழியும். அந்த மதிப்பைத் தாண்டும் தொகை மட்டுமே ஆதாயம். அதனால்தான், தொழிலுக்கு வேறு கார் வாங்கும் எண்ணம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால், பழையதை விற்கும் அதே நிதியாண்டில், மார்ச் 31க்குள் வாங்குவது நல்லது. 9 லட்சத்துக்கு வாங்கினால் தொகுப்பில் 8,42,605 ரூபாய் மிஞ்சும். இந்த ஆண்டு ஆதாயம் எதுவும் எழாது. வரியைத் தவிர்ப்பதற்கென்றே தேவையில்லாத காரை வாங்குவது மட்டும் வேண்டாம்.

உங்கள் துறையில் பலர் 44ADA பிரிவின்படி வரவில் பாதியை வருமானமாகக் காட்டுகிறார்கள். தேய்மானமே கழிக்கவில்லை, ஆகவே 8 லட்சமும் அப்படியே நிற்கிறது என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அந்தப் பிரிவோ, ஒவ்வோர் ஆண்டும் தேய்மானம் கழிக்கப்பட்டதாகவே கருதி மீதி மதிப்பைக் கணக்கிடச் சொல்கிறது. நீங்கள் அந்த முறையில் இருந்தாலும் மேலே உள்ள கணக்கு மாறாது.

விற்பனைத் தொகையை வங்கி வழியாகவே வாங்குங்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 269ST பிரிவு தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கப்படலாம். இது சொந்த உபயோக வாகனத்தை விற்பவருக்கும் பொருந்தும்.