வேர், வேன், வேம், வஸ்: முன்னிடைச்சொல் சேரும்போது

கேள்வி: ஜெர்மனில் வேர், வேன், வேம் மூன்றும் குழப்புகின்றன. ஓரிடத்தில் "மிட் வேம்" என்கிறார்கள், இன்னோரிடத்தில் "வோமிட்" என்கிறார்கள். எப்போது எது?

முதலில் மூன்றையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்பால் ஆர்ட்டிகிளான டேர், டேன், டேம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதே ஈறுகள்தான் வேர், வேன், வேம் ஆகின்றன. பதிலில் "டேன் ஃபாட்டர்" வருமானால் கேள்வியில் வேன், "டேம் ஃபாட்டர்" வருமானால் வேம். வஸ் பொருளுக்கானது. அது எழுவாயானாலும் செயப்படுபொருளானாலும் மாறாது.

நம் யார், யாரை, யாருக்கு என்பதோடு இவை ஓரளவு பொருந்தும். ஆனால் அதை முழுதாக நம்ப வேண்டாம். "யாருக்குப் போன் பண்ணுகிறாய்?" என்பதை ஜெர்மனில் "வேன் ரூஃப்ஸ்ட் டூ ஆன்?" என்றுதான் கேட்க வேண்டும். "யாரிடம் கேட்கிறாய்?" என்பதும் "வேன் ஃப்ராக்ஸ்ட் டூ?" தான். வேற்றுமையைத் தீர்மானிப்பது அந்த ஜெர்மன் வினைச்சொல், நம் உருபு அல்ல.

முன்னிடைச்சொல் சேர்ந்தாலும் இதே கதைதான். "காத்திரு" என்பதற்கு வார்ட்டென். நாம் "யாருக்காக" என்று நினைப்பதால் ஃப்யூர் போடத் தோன்றும். ஆனால் வார்ட்டென் கேட்பது அவுஃப், அதோடு இரண்டாம் வேற்றுமை. அதனால் வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் "வார்ட்டென் அவுஃப், இரண்டாம் வேற்றுமை" என்று சேர்த்தே எழுதி வையுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: காத்திருப்பது ஆளுக்கா, பொருளுக்கா? நண்பனுக்காக என்றால் முன்னிடைச்சொல் முதலில், வினாச்சொல் அடுத்து: "அவுஃப் வேன் வார்ட்டெஸ்ட் டூ?" பஸ்ஸுக்காக என்றால் வஸ் "வோ" ஆகி முன்னால் வர, முன்னிடைச்சொல் அதோடு ஒட்டி ஒரே சொல்லாகும்: "வோரவுஃப் வார்ட்டெஸ்ட் டூ?" நடுவில் வரும் "ர்" உயிரெழுத்தில் தொடங்கும் முன்னிடைச்சொல்லுக்கு மட்டும். அதனால் ஆன் என்பது வோரான் ஆகும், மிட் வெறும் வோமிட்தான்.

மிட் எப்போதும் நான்காம் வேற்றுமையையே கேட்கும் என்பதால் "யாருடன் போகிறாய்?" என்பது "மிட் வேம் ஃபேர்ஸ்ட் டூ?". அங்கே வேன் வராது. "எதில் போகிறாய்?" என்றால் "வோமிட் ஃபேர்ஸ்ட் டூ?". பதில் ரயிலாகவோ சைக்கிளாகவோ இருக்கும். வோமிட் என்று கேட்டவருக்கு "என் அக்காவுடன்" என்று பதில் சொன்னால் பொருந்தாது. நீங்கள் போட்ட சொல் சரியா என்று பார்க்க இது நல்ல வழி. எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிப் பாருங்கள், ஆள் வந்தால் பிரித்தெழுதுங்கள்.

பேச்சில் "அவுஃப் வஸ்", "மிட் வஸ்" என்று ஜெர்மானியர்களே சொல்வதைக் கேட்பீர்கள். பேசும்போது யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தேர்வில் மட்டும் வோரவுஃப், வோமிட் என்றே எழுதுங்கள். ஓனே போன்ற சில சொற்கள் "வோ"வுடன் ஒட்டவே ஒட்டாது. அங்கே எழுத்திலும் "ஓனே வஸ்" தான்.